பத்தாயிரம் காலடி எத்தனை கிலோமீற்றர்? உங்கள் காலைக் கொண்டே கணக்கிடும் முறை

நானூறு மீற்றர் வட்டம் கொண்ட மைதானத்தைப் பன்னிரண்டரைச் சுற்று ஓடி, சரியாக ஐந்து கிலோமீற்றர் முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபோது, அது 3.8 கிலோமீற்றர் என்று காட்டியது. காலடிகளை அது ஏறக்குறையச் சரியாகவே எண்ணியிருந்தது. ஆனால் என் உயரமான 168 சென்ரிமீற்றரை 0.41 ஆல் பெருக்கி, ஒரு காலடி 69 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கும் அதே நீளத்தைப் போட்டுவிட்டது. உயரத்தை வைத்துச் செய்யும் கணக்கு நடைக்கே ஓரளவுதான் பொருந்தும். ஓட்டத்துக்கு அறவே பொருந்தாது. ஆகவே நாமே அளந்துகொள்வதுதான் வழி.

முதலில் நீளம் தெரிந்த ஒரு பாதை வேண்டும். கண்டி வீதியின் கிலோமீற்றர் கற்களை நான் விரும்புவதில்லை. வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கையில் காலடி இயல்பாக விழாது. பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை போதும். ஆனால் அது 200 மீற்றரா 400 மீற்றரா என்று கேட்டறிந்து, உள்கோட்டை ஒட்டிய முதலாம் பாதையிலேயே செல்லுங்கள். 400 மீற்றர் பாதையில் இரண்டாம் பாதைக்கு மாறினாலே ஒரு சுற்றுக்கு ஏழு மீற்றர் கூடிவிடும். வீட்டு விறாந்தையில் பத்துக் காலடி வைத்து அளவுநாடாவால் அளப்பதும் வேண்டாம். தொடங்கும்போதும் நிற்கும்போதும் காலடி குறுகுவதால் விடை பிழைக்கும்.

அடுத்தது எண்ணுவது. நான் சறுக்கியது இங்கேதான். ஒவ்வொரு காலடியையும் எண்ணினால் மூச்சும் எண்ணும் குழம்பும் என்பதால் வலக்கால் நிலத்தில் படும்போது மட்டும் எண்ணினேன். 400 மீற்றருக்கு 268 வந்தது. அதை இரண்டரையால் பெருக்கி, கிலோமீற்றருக்கு 670 காலடி, பத்தாயிரத்துக்குப் பதினைந்து கிலோமீற்றர் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அப்ப நீ நாளாந்தம் சாவகச்சேரிக்கு நடந்து போறாய் போல" என்று மச்சான் சிரித்தபோதுதான் இடக்காலை மறந்தது உறைத்தது. வலக்கால் எண்ணிக்கையை முதலில் இரட்டிக்க வேண்டும்: 536. கிலோமீற்றருக்கு 1340. பத்தாயிரத்தை இதனால் வகுத்தால் ஏறக்குறைய ஏழரைக் கிலோமீற்றர். எண்ணுவதற்கு வலக்கைப் பையில் சில புளியங்கொட்டைகளைப் போட்டு, வலக்கால் நூறாகும்போதெல்லாம் ஒன்றை இடக்கைப் பைக்கு மாற்றுவேன். எந்தச் செயலியையும்விட எனக்கு இது நம்பிக்கையானது.

மூன்றாவதாக, அதே சுற்றை ஓடி எண்ணுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் 2 நிமிடம் 44 செக்கனில் ஓடியபோது வலக்கால் 222, அதாவது 444 காலடி, கிலோமீற்றருக்கு 1110. இந்த வேகத்தில் பத்தாயிரம் காலடி ஒன்பது கிலோமீற்றராகிவிடுகிறது. ஆனால் 3 நிமிடம் 12 செக்கன் எடுத்து மெதுவாக ஓடியபோது 512 காலடி வந்தது. கிலோமீற்றருக்கு 1280, நடையிலிருந்து அதிகத் தூரமில்லை. ஓட்டத்தில் வேகம் குறைந்தாலும் நிமிடத்துக்கு விழும் காலடிகள் அவ்வளவாகக் குறைவதில்லை என்பதே காரணம். என் இரு ஓட்டங்களிலும் அது 160 அளவிலேயே நின்றது. மாறியது காலடியின் நீளம்தான். எனவே ஒரு நிமிடக் காலடிகளை ஒரு கிலோமீற்றருக்கான நிமிடங்களால் பெருக்கியும் விடையைச் சரிபார்க்கலாம்: நடையில் நிமிடத்துக்கு 110 காலடி, கிலோமீற்றருக்கு 12 நிமிடம் 10 செக்கன், பெருக்கினால் அதே 1340 அளவு வரும். இரண்டு விடைகளும் பெரிதும் விலகினால் எண்ணியதில் எங்கோ தவறு.

பத்தாயிரம் என்ற எண் ஆய்வுகூடத்தில் பிறந்ததன்று. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, "பத்தாயிரம் காலடி அளவி" என்று பொருள்படும் பெயர் கொண்ட கருவியிலிருந்து பரவியது. ஆகவே 9,700 இல் நின்றுவிட்டதென்று இரவில் முற்றத்தைச் சுற்ற வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: பத்தாயிரம் காட்டியும் தான் ஏழரைக் கிலோமீற்றர் நடக்கவில்லையே என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய காலடிகளில் 3,500 அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே விழுந்தவை. அந்தக் குறுங்காலடிகளை என் 1340 ஆல் வகுக்கக்கூடாது. மீதி 6,500 ஐ மட்டும், அவர் காலடியும் என்னுடையதைப் போன்றதென்றால், ஏறக்குறைய 4.9 கிலோமீற்றர் என்று கொள்ளலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு: கைபிடியில் கை அசையாது இருப்பதால் மணிக்கட்டுக் கருவி பல காலடிகளைத் தவறவிடும். அவர்கள் கைப்பேசியைக் காற்சட்டைப் பையில் வைத்து நடப்பது நல்லது.