அக்கி ஆறிய பிறகும் எரிகிறதா? தோலையும் நரம்பையும் தணிக்கும் முறை

பெரியப்பாவுக்கு 71 வயது. வலது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகெலும்பு வரை ஒரு பட்டையாக அக்கி வந்தது. நான்கு வாரத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் மூடிக்கொண்டது. ஐந்தாம் மாதம் நான் பார்க்கப் போனபோதும் சட்டையை இரண்டு விரலால் பிடித்து மார்பில் படாமல் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார். "காத்து பட்டாலே நெருப்பு வச்ச மாதிரி இருக்கும்மா. ஆனா புண்ணு ஒண்ணும் இல்ல பாரு" என்றார். நான் செவிலியர். நோயாளிகளிடம் பலமுறை கேட்ட பேச்சுதான். வீட்டு ஆளே சொல்லும்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

அவருக்கு நாங்கள் செய்ததையே படிப்படியாக எழுதுகிறேன். மாத்திரையின் அளவை முடிவு செய்தது மருத்துவர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏன் இன்னும் எரிகிறது?

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடக்கும். வயதாகியோ நோயினாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பின் வழியே வெளியே வரும். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவது இதனால்தான். கொப்புளம் தோலில் தெரிந்தாலும் அடி வாங்கியது நரம்பு. காயம்பட்ட நரம்பு காரணமே இல்லாமல் வலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். சட்டை உரசுவதைக் கூட நெருப்பு என்று மூளைக்குச் சொல்லும். கொப்புளம் வந்து மூன்று மாதம் கடந்தும் வலி இருந்தால் அதை அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலி என்கிறார்கள்.

வலி புண்ணிலிருந்து வரவில்லை, நரம்பிலிருந்து வருகிறது. இது புரிந்துவிட்டால் பாராசிட்டமால் ஏன் பெரிதாக எடுபடவில்லை என்பதும் புரியும். ஐந்து மாதம் கழித்துக் கிருமிக்கான மாத்திரையைக் கேட்டு வாங்குவதிலும் பயனில்லை. அது கொப்புளம் கிளம்பிய முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து.

படி 1: தோல் முழுவதும் மூடிவிட்டதா?

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தழும்பும் நிறம் மாறிய தோலும் இருக்கலாம், தவறில்லை. ஈரக்கசிவு, பொருக்கு, சொறிந்த கீறல் இருக்கக் கூடாது. கீழே சொல்லும் பேட்சையும் களிம்பையும் மூடிய தோலில்தான் போட வேண்டும். திறந்த புண் வழியே மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் சேரும்.

புதிதாகக் கொப்புளம் கிளம்பினாலோ, சீழும் காய்ச்சலும் இருந்தாலோ, கை கால் வலுவிழந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தவருக்குக் கண் சிவந்தாலும் பார்வை மங்கினாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 2: வலிக்கு எல்லைக்கோடு போடுங்கள்

பலரும் தவற விடுவது இதைத்தான். பஞ்சுத் துணுக்கு ஒன்றை எடுத்து, வலியில்லாத இடத்திலிருந்து வலிக்கும் இடத்தை நோக்கி மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். "இங்க சுருக்குங்குது" என்று அவர் சொல்லும் புள்ளியில் பேனாவால் குறியிடுங்கள். நாலு பக்கமிருந்தும் இப்படிச் செய்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். பெரியப்பா தன் விலாப்புறம் முழுவதும் எரிவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குறியிட்டுப் பார்த்தால் தாங்க முடியாத இடம் இரண்டு உள்ளங்கை அகலம்தான்.

நடுவே ஒரு பகுதியில் பஞ்சு பட்டதே அவருக்குத் தெரியவில்லை. எரியும் தோலுக்கு நடுவில் மரத்துப்போன தோல் இருப்பது இந்த நோயில் சகஜம். அங்கே சூடு உறைக்காது, சொறிந்தால் வலிக்காது. வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளமாக்கிக் கொள்வதும், அரிப்பில் தோலைக் கிழித்துக் கொள்வதும் இந்த இடத்தில்தான். சூடு வைக்கவே வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு எண் கொடுத்துக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் எழுதி வையுங்கள். பெரியப்பாவின் இரவு எண் 8.

படி 3: உரசலை நிறுத்துங்கள்

இந்த வலியில் ஒரு வேடிக்கை உண்டு. லேசாகத் தடவினால் துடித்துப் போவார்கள், உள்ளங்கையை அழுத்தி வைத்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதனால் தொளதொளவென்ற சட்டை நல்லது என்று நினைப்பது பலருக்குப் பொருந்துவதில்லை. அசையும் துணிதான் எதிரி. உடம்போடு ஒட்டி நிற்கும் மெல்லிய, வழுவழுப்பான பருத்தி உள்பனியன் போட்டு மேலே சட்டை போட்டபோது பெரியப்பாவின் விரல் சட்டையை விட்டது. தையல் விளிம்பு தோலில் படாமல் இருக்கப் பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டோம். துணியே ஆகாது என்பவர்கள், உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தின் மேல் சுற்றி, அதன் மேல் ஆடை உடுத்திப் பார்க்கலாம். வியர்த்து ஊறாமல் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். குளிர்ந்த ஈரத்துணியைச் சில நிமிடம் வைத்தால் சிலருக்கு இதம், சிலருக்கு அதுவே வலியைக் கிளப்பும். ஒருமுறை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள்.

படி 4: லிடோகெயின் பேட்ச்

5 சதவீத லிடோகெயின் பேட்ச், தோலுக்கு அடியில் உள்ள நரம்பு நுனிகளை அடக்கி வைக்கும். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களும் லிடோகெயின் ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முந்தைய படியில் வரைந்த கோடு இங்கேதான் பயன்படும். பின்தாளை உரிப்பதற்கு முன்பே பேட்சைக் கத்தரியால் கோட்டின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். உரித்த பிறகு வெட்டினால் சுருண்டு கையில் ஒட்டிக்கொள்ளும். தோல் உலர்ந்திருக்க வேண்டும், அந்த நேரம் களிம்பு பூசியிருக்கக் கூடாது. முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள், மழிக்க வேண்டாம். 12 மணி நேரம் ஒட்டியிருக்கட்டும். எடுத்த பின் அடுத்த 12 மணி நேரம் எதுவும் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று பேட்சுக்கு மேல் போகக் கூடாது. மேலே சூடு படக் கூடாது.

எப்போது ஒட்டுவது என்பதை வலிக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்தோம். மாலையில்தான் எண் ஏறியது என்பதால் இரவு 8 மணிக்கு ஒட்டி, காலை 8 மணிக்கு எடுத்தோம். எடுத்த பேட்சில் மருந்து நிறைய மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் போடுங்கள். அந்த இடம் சிவந்து தடித்தால் நிறுத்திவிட வேண்டும். சில வாரம் ஒழுங்காக ஒட்டியும் எண் அசையவில்லை என்றால் இது உங்களுக்கான மருந்து அல்ல.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பும் உண்டு. தினம் மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் பூச வேண்டும். முதலில் எரிச்சல் கூடும், கையுறை வேண்டும், தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் பாதியில் விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் அதைத் தொடவில்லை.

படி 5: இரவு மாத்திரை

பேட்ச் மட்டும் போதாதபோது காபாபென்டின், பிரிகாபலின், அல்லது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் தருவார். இவற்றில் சில வலிப்பு நோய்க்கும் மன அழுத்தத்துக்கும் தருபவை. கடையில் அப்படிச் சொன்னதும் பயந்து மாத்திரையை ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். கட்டுப்பாடில்லாமல் செய்தி அனுப்பும் நரம்பை அடக்குவதற்குத்தான் இங்கே இவை.

பெரியப்பாவுக்கு முதலில் சிறுநீரகப் பரிசோதனை செய்தார்கள். காபாபென்டின் சிறுநீரில்தான் வெளியேறும், அவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம். இரவில் 100 மி.கி. என்று தொடங்கினார் மருத்துவர். சில நாளில் அது 300 ஆனது. அன்றிரவு கழிவறைக்கு எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மருத்துவரிடம் சொன்னோம். ஒரு வாரம் அதே அளவில் நிறுத்தி வைத்தார், தலைசுற்றல் அடங்கியது. பிறகு வாரத்துக்கு ஒரு வேளையாகக் கூட்டி, 300 மி.கி. மூன்று வேளை என்று நின்றது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இன்னும் மேலே போவதுண்டு.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த திரவத்தையும் காபாபென்டினையும் ஒரே நேரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தத் திரவம் மாத்திரையை உடலில் சரியாகச் சேரவிடாது. பிறகு திரவம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. தூக்க மாத்திரை, வீரியமான வலி மருந்து, மது இவற்றோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். அவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அமிட்ரிப்டிலின் என்றால் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைத்தல் வரலாம். கண்ணழுத்த நோயோ இதய நோயோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

மூன்று நாளில் பலனில்லை என்று நிறுத்துவதுதான் அதிகம் நடப்பது. சரியான அளவை எட்டிய பிறகும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

படி 6: எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்

ஆறாம் வாரம் பெரியப்பாவின் இரவு எண் 4. பூஜ்யமாகவில்லையே என்று அவருக்குக் குறை. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே பலன் தருகிறது என்றுதான் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். அவருக்குப் பாதி குறைந்து, இடையில் எழாமல் ஐந்து மணி நேரம் தூங்கினார். எண் அசையாதவர்களுக்கு வேறு மாத்திரைக்கு மாற்றவோ வலி சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பவோ வழி உண்டு.

வலி அடங்கியதும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்பே கூட வரும். வலி மூன்று மாதம் 2-ஐத் தாண்டாமல் இருந்த பிறகு, மருத்துவர் மதிய வேளையை முதலில் எடுத்தார். இரண்டு வாரம் எண்ணைக் கவனித்தோம், ஏறவில்லை. அடுத்துக் காலை வேளையை எடுத்தபோது நான்காம் நாளே 5 ஆனது. மறுபடி சேர்த்துவிட்டார். இப்போது காலையும் இரவும் ஒவ்வொன்று, பேட்ச் கிடையாது. மின்விசிறி சுற்றுகிறது, இரண்டாம் எண்ணில்.