ஒரு பூஜ்யம் கெடுத்த பக்கெட் சார்ட்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தின் 1000 லாட்டுகளைக் குவிண்டால் விலைப்படி 1000 சம அகலப் பக்கெட்டுகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பக்கெட்டையும் தனித்தனியாக அடுக்கினேன்; இதுதான் பக்கெட் சார்ட். விலை 8,000 முதல் 16,000 ரூபாய் வரை சீராகப் பரவியிருந்தும் வேகம் வரவில்லை. பக்கெட்டுக்குள் அடுக்கும் வேலை எண்ணிக்கையின் வர்க்கம்போல் வளர்வதால், ஒவ்வொரு பக்கெட்டின் எண்ணிக்கையையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் குட்டு வெளிப்படும். n லாட்டுகளும் n பக்கெட்டுகளும் இருந்தால், சீரான பரவலில் அந்தக் கூட்டுத்தொகையின் சராசரி 2n−1, அதாவது 1,999. வந்ததோ 20,000 அளவில். ஒரு லாட்டில் பூஜ்யம் கூடி 1,60,000 ஆகியிருந்தது. பக்கெட் அகலம் 8 ரூபாயிலிருந்து 152 ஆகி, மற்றதெல்லாம் 53 பக்கெட்டில் நெருக்கியடித்தன. எல்லையை நிலையாக வைத்தேன்; v விலை, b பக்கெட் எண்:

```
b = max(0, min(999, (v - 8000) // 8))
```

விலை எகிறும் நாளில் கடைசிப் பக்கெட் நிரம்பும். 30க்கு மேல் சேர்ந்தால் அங்கே மட்டும் ஷெல் சார்ட்: முதலில் 23 இடம் தள்ளியிருக்கும் விலைகளை ஒப்பிட்டு அடுக்கி, பிறகு இடைவெளியை 10, 4, 1 எனக் குறைப்பது. 16, 8, 4, 2, 1 வேண்டாம்; ஒற்றைப்படை இடத்து விலையும் இரட்டைப்படை இடத்து விலையும் கடைசிச் சுற்று வரை ஒன்றையொன்று பார்க்காது.