புகைப் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

சென்னையில் பெட்ரோல் பங்க் ஓரத்துச் சிறு அறையிலும், சாலையோரம் நிற்கும் வேனிலும் வாகனப் புகையைப் பரிசோதிக்கிறார்கள். கையில் கிடைக்கும் சீட்டில் பலரும் பார்ப்பது ‘தேர்ச்சி’ என்ற சொல்லை மட்டும்தான். எண்களையும் படிக்கக் கற்றுக்கொண்டால், வண்டியின் உடல்நிலையை அந்தச் சீட்டே சொல்லிவிடும். பிஎஸ்-4 பெட்ரோல் கார் ஒன்றையும் டீசல் லோடு வண்டி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: வண்டியைச் சூடாகக் கொண்டு செல்லுங்கள்

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். நச்சு வாயுக்களை எரித்துத் தீர்க்கும் வினையூக்கி மாற்றியும் சூடேறாமல் வேலை செய்யாது. எனவே கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு நேராகப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நீண்ட நேரம் அணைத்து வைக்க வேண்டாம்.

படி 2: குழாய் எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள்

வாயுவை உறிஞ்சும் குழாய், சைலன்சருக்குள் குறைந்தது 30 செ.மீ. நுழைய வேண்டும். வாய் ஓரத்தில் செருகினால் வெளிக்காற்று கலந்து எண்கள் குறைந்துவிடும். அவசரத்தில் அப்படிச் செருகுகிறவர்கள் உண்டு. உள்ளே தள்ளும்படி தயங்காமல் கேளுங்கள்.

படி 3: பெட்ரோல் காரின் எண்களைப் படியுங்கள்

கார் ஐடிலில் நிற்கும்போது கருவி அகச்சிவப்புக் கதிரை வாயுவின் ஊடாக அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு (CO) சதவீதத்திலும், எரியாத ஹைட்ரோகார்பன் (HC) பிபிஎம் அளவிலும் வரும். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதம், 200 பிபிஎம்.

CO ஏறினால், எரிபொருளுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை, அல்லது வினையூக்கி மாற்றி செயலிழந்துவிட்டது என்று பொருள். CO குறைவாக இருந்தும் HC மட்டும் எகிறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

இங்கேதான் ஏமாறும் இடமும் இருக்கிறது. சைலன்சரில் ஓட்டை இருந்தால் காற்று புகுந்து CO குறைந்து தெரியும். அதைப் பிடிக்க, திரையில் கார்பன் டைஆக்சைடு (CO2) அளவும் இருந்தால் இரண்டையும் கூட்டுங்கள். ஒழுங்கான பெட்ரோல் இன்ஜினில் கூட்டுத்தொகை 15 சதவீதத்தை ஒட்டி வரும். நம் காரில் CO 0.28, CO2 7.5 என்று வைத்துக்கொள்வோம். 0.28 வரம்புக்குள்தான். ஆனால் கூட்டுத்தொகை 7.78, ஏறக்குறைய பாதி வெளிக்காற்று!

```
0.28 × 15 / 7.78 = 0.54
```

உண்மை அளவு 0.54, இந்தக் கார் தேறக் கூடாது. 2,500 ஆர்பிஎம் அளவில் செய்யும் இரண்டாம் சோதனையில் லாம்டா என்ற எண்ணைப் பார்ப்பது இதற்கும் உதவுகிறது. எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதே லாம்டா. அது 0.97 முதல் 1.03 வரை இருக்க வேண்டும். காற்று புகுந்தால் 1.03ஐத் தாண்டிவிடும்.

படி 4: டீசலில் புகையின் அடர்த்தியைப் பாருங்கள்

டீசல் இன்ஜினில் காற்று எப்போதும் மிகுதி என்பதால் CO குறைவாகவே இருக்கும், தொல்லை கரியில்தான். அதுவும் ஐடிலில் அதிகம் வெளிவராது. அதனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென முழுதாக மிதித்து, வேகம் உச்சத்தை எட்டியதும் விடுகிறார்கள். இதைப் பலமுறை செய்து, ஒத்துவரும் அளவுகளின் சராசரியை எடுக்கிறார்கள். பாதி மிதித்தால் புகை குறையும். மிதிப்பவர் காலையும் கவனியுங்கள்.

புகை நிறைந்த குழாயின் ஒரு முனையிலிருந்து ஒளி பாய்கிறது. மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேராமல் போகிறது என்பதே ஒளிமறைப்புச் சதவீதம். குழாய் நீண்டால் அதே புகை அதிக ஒளியை மறைக்கும் என்பதால், நீளத்தைச் சாராத k என்ற எண்ணாக மாற்றுகிறார்கள். வழக்கமான நீளம் 0.43 மீட்டர். நம் லோடு வண்டி 60 சதவீதம் மறைத்தால், 40 சதவீதம் கடந்து வருகிறது:

```
k = -ln(0.40) / 0.43 = 2.13
```

பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 2.45, அதனால் இது தேறும். பிஎஸ்-4 வண்டியானால் வரம்பு 1.62, தேறாது. பிஎஸ்-6க்கோ 0.7தான். ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வண்டி எந்தத் தரம் என்று ஆர்சியில் பாருங்கள். தேறாவிட்டால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர்.

இந்த ஒளிக்கு எல்லாமும் தெரிவதில்லை. டீசலின் நைட்ரஜன் ஆக்சைடுகளை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. மிக நுண்ணிய துகள்கள் ஒளியை அதிகம் தடுப்பதில்லை. எனவே துகள் வடிகட்டி விரிசல் விட்ட பிஎஸ்-6 கார்கூட 0.7க்குள் வந்து தேறிவிட முடியும். பின்குழாயின் உட்புறம் கரி படிந்திருந்தால், சீட்டு என்ன சொன்னாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.