வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

ஈரக் கையோடு மெஷினின் தகரப் பகுதியைத் தொடும்போது விரல் நுனியில் சுர்ரென்று இழுக்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. உடனே எல்லோரும் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் இப்படி லேசாக அடிக்கும் ஷாக்கில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் எர்த் இணைப்பை. ஏன் என்பது மெஷினின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

போர்டு வைத்த மெஷின்களில், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிறிய ஃபில்டர் இருக்கும். மோட்டாரும் போர்டும் கிளப்பும் மின் இரைச்சல் வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலை. அதில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒரு கெப்பாசிட்டர். இவற்றின் வழியாக எப்போதும் துளி கரண்ட் பாடிக்கு வந்துகொண்டுதான் இருக்கும். எர்த் ஒயர் நன்றாக இருந்தால் அது அப்படியே மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் பாடி இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவில் தொங்கி, 230 வோல்ட்டில் சுமார் பாதி, அதாவது 115 வோல்ட் அருகே நிற்கும். கெப்பாசிட்டர் 4.7 நானோஃபேரட் என்றால் தொடுபவர் உடம்பில் பாயக்கூடியது ஏறக்குறைய 0.34 மில்லிஆம்பியர். ஈரக் கைக்கு இது உறைக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை.

அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது. எர்த் இல்லாத மெஷினில் நாளை ஹீட்டரோ ஒரு ஒயரோ பாடியைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் தகரத்தில் வந்து காத்திருக்கும். கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பை வெட்டும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி; எர்த் இல்லாததால் அதுவும் அப்போது விழாது. யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதுவும் நடக்காது. காரணம் தெரியும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

முதல் படி: டெஸ்டரை மூன்று நிலையில் வைத்துப் பாருங்கள்

கையால் தொட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். மெஷினின் பின்புறம் பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவில் நியான் டெஸ்டரை வையுங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் எதுவும் காட்டாது.

சுவிட்ச் போட்டால் எரிகிறது, அணைத்தால் எரியவில்லை என்றால், கரண்ட் இந்த மெஷினிலிருந்தே வருகிறது, எர்த் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சை அணைத்த பிறகும் எரிகிறது, பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டுகிறது. இன்னொன்று, வீட்டின் பொது எர்த் ஒயர் குழியருகே அறுந்துபோய், கீசரோ ஃப்ரிட்ஜோ கசியவிடும் கரண்ட் எர்த் பின் வழியாக இந்த மெஷினுக்கு வருகிறது. எர்த் பின்னை எந்த சுவிட்சும் வெட்டுவதில்லை. மற்ற சாதனங்களின் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

பிளக்கைப் பிடுங்கியும் எரிந்தால், கரண்ட் தண்ணீர்க் குழாய் வழியாக வருகிறது. மெஷினை விட்டுவிட்டு, கீசரையும் தண்ணீர் மோட்டாரையும் பாருங்கள்.

டெஸ்டர் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். 0.3 மில்லிஆம்பியர் கசிவுக்கும் ஒயரே தொட்டுக்கொண்டிருப்பதற்கும் அது ஒரே மாதிரிதான் எரியும். அதனால் பிரகாசத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: சாக்கெட்டை மல்டிமீட்டரில் அளவிடுங்கள்

மீட்டரை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 அளவில் வையுங்கள். கறுப்பு ஒயர் COM துளையில், சிவப்பு ஒயர் V என்று எழுதிய துளையில். சிவப்பு ஒயர் 10A துளையில் இருந்தபடி சாக்கெட்டில் நுழைத்தால் நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

மூன்று துளை சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸ்–நியூட்ரல் 230 அருகே காட்ட வேண்டும். ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே எண். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட். ஃபேஸ்–எர்த் 60, 90, 120 என்று நிற்காமல் அலைந்தால் எர்த் ஒயர் எங்கேயும் இணையவில்லை. நியூட்ரல்–எர்த் 230 காட்டி, ஃபேஸ்–எர்த் ஓரிரு வோல்ட் காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது. சில சாக்கெட்டுகளில் குழந்தைகளுக்கான தடுப்பு இருப்பதால் முனை உள்ளே போகாது. எதையாவது குத்தித் திறக்காமல் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சரியான எண்கள் வந்தாலும் எர்த் வலுவானது என்று அர்த்தமில்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. துருப்பிடித்த, அரைகுறை எர்த்திலும் 230 காட்டிவிடும். இதற்காக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள். எர்த் அறுந்திருந்தால் அந்த நொடியில், வீட்டில் அதே எர்த்தில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் பாடிக்கும் பல்பு வழியாகக் கரண்ட் போய்விடும். யாராவது அப்போது ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டிருக்கலாம். எலெக்ட்ரீஷியனிடம் எர்த் லூப் டெஸ்டர் இருந்தால் அதில் அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பிளக்கிலிருந்து பாடி வரை

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு அதைக் கழிக்க வேண்டும். ஒரு முனையை பிளக்கின் பெரிய பின்னிலும், இன்னொன்றை முன்பு பார்த்த அதே ஸ்க்ரூவிலும் வையுங்கள். அரை ஓமுக்குள் வந்தால் சரி. இப்போது ஒயரை பிளக்கருகிலும், மெஷினுக்குள் நுழையும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே செம்பு இழை அறுந்திருக்கிறது. ஒயரையே மாற்ற வேண்டும், டேப் சுற்றுவது போதாது. நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதையும் இதே மாதிரி தனியாகச் சோதியுங்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

முதல் மாடி பால்கனியில் ஃப்ரண்ட் லோட் மெஷின். சுவிட்ச் போட்டால் டெஸ்டர் எரிகிறது, அணைத்தால் இல்லை. சாக்கெட்டில் ஃபேஸ்–நியூட்ரல் 231, ஃபேஸ்–எர்த் 90-க்கும் 100-க்கும் இடையே ஆடுகிறது. பிளக்கிலிருந்து பாடிக்கு 0.3 ஓம், ஆகவே மெஷின் ஒயர் நன்றாக இருக்கிறது. சமையலறை சாக்கெட்டில் ஃபேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 1.2. ஆக, வீட்டுக்கு எர்த் வந்திருக்கிறது, பால்கனிக்கு மட்டும் வரவில்லை. மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு பால்கனி சாக்கெட்டைக் கழற்றினால், பின்னால் இரண்டே ஒயர்கள். பக்கத்து லைட் பாயிண்டிலிருந்து லூப் எடுத்திருக்கிறார்கள். எர்த் முனையில் பச்சை ஒயரே இல்லை.

இங்கே பச்சை ஒயரை மட்டும் சேர்த்தால் பாதி வேலைதான். ஹீட்டர் உள்ள மெஷின் சுமார் 2 கிலோவாட், அதாவது 9 ஆம்பியர் இழுக்கும்; லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயர் அதைத் தாங்காமல் சூடாகும். டிபி பாக்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிதாக இழுப்பதே சரி.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. ஷாக் உடனே நின்றுவிடும், அதனால்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது லூஸானால், மெஷின் ஓடும்போதே முழு 230 வோல்ட்டும் பாடிக்கு வரும். யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு ஷாக்கை அனுப்பிவைப்பீர்கள்.

எர்த் சரியான பிறகு

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் சூடான தண்ணீர் புரோகிராம் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். கடைசிவரை விழாமல், பாடியில் டெஸ்டரும் எரியாமல் இருந்தால் பெரிய கசிவு எதுவும் இல்லை. இதுவரை அடித்தது பெரும்பாலும் ஃபில்டர் கரண்ட்தான். விழுந்தால், எந்த நேரத்தில் விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பி, சூடாகத் தொடங்கியதும் விழுந்தால் ஹீட்டர். தண்ணீரை வெளியேற்றும்போது என்றால் டிரெயின் பம்ப். வேகமாகச் சுற்றும்போது என்றால் மோட்டார், அல்லது அதிர்வில் தகர விளிம்பில் உரசித் தோல் உரிந்த ஒயர். கார்பன் பிரஷ் மோட்டாரில் பிரஷ் தேய்ந்து படியும் கரித்தூளும் இதைச் செய்யும்.

போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் ஹீட்டரே முதல் சந்தேகம். உப்புப் படிந்து வெளிக்குழல் வெடித்தால் உள்ளே ஈரம் இறங்கும். பிளக்கைப் பிடுங்கி, பின் மூடியைத் திறந்து, ஹீட்டரின் இரண்டு ஒயர்களையும் கழற்றுங்கள். முனைகளுக்கு இடையே 25 ஓம் சுற்றி வரலாம், அது சரியான அளவு. முனைக்கும் ஹீட்டரின் உலோகக் குழலுக்கும் இடையே மீட்டர் OL, அதாவது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். OL வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. மீட்டர் தருவது சில வோல்ட்தான். சர்வீஸ் ஆளிடம் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் அளக்கச் சொல்லுங்கள்: 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் ஹீட்டர் நல்லது, 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். முழு மெஷினையும் மெக்கர் செய்தால் பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாக இணைத்து, அங்கிருந்து எர்த் பின்னுக்கு அளக்க வேண்டும். அப்போதுதான் போர்டுக்குக் குறுக்கே 500 வோல்ட் விழாது. ஆனால் அந்த அளவில் ஹீட்டர் முழுமையாகச் சேராமல் போகலாம், போர்டில் உள்ள ரிலே திறந்தே இருக்கும். அதனால் ஹீட்டரைத் தனியாகக் கழற்றித்தான் அளக்க வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக், டாப் லோட் மெஷின்களில் மெக்கருக்கு முன்னால் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். எலி நுழையாமல் இருக்கக் கொடுக்கும் அடி மூடி பொருத்தாத மெஷினில், கடித்த ஒயரும் எலிப் புழுக்கையும் கண்ணுக்கே தெரியும்.