ஆன்லைன் வகுப்பில் "உங்க குரல் கேட்கலையே" என்றால் என்ன செய்வது?

லேப்டாப்பில் குரோம் வழியாக கூகுள் கிளாஸ்ரூம், மீட் இரண்டையும் பயன்படுத்தும் புதிய மாணவர்களுக்கானது இது.

பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே லேப்டாப்பைப் பயன்படுத்தினால், அப்பாவின் கணக்கு திறந்திருக்கும். அதில் மீட் சுட்டியை அழுத்தினால் உள்ளே விடாமல் போகலாம். வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

சுட்டியை அழுத்தியதும் வகுப்புக்கு முன்னால் ஒரு காத்திருப்புத் திரை வரும். பலரும் அவசரத்தில் Join now அழுத்திவிடுகிறார்கள். அங்கேயே ஒரு நிமிடம் நின்று பேசிப் பாருங்கள். மைக் அருகே உள்ள சிறு புள்ளிகள் உங்கள் குரலுக்கு ஏற்ப எழும்பி இறங்க வேண்டும். எழும்பினால், குரல் கணினிக்குள் போகிறது என்று பொருள். அசையாவிட்டால் கோளாறு உங்கள் பக்கம்தான்.

என் அக்கா மகளுக்கு ஒருநாள் இதுதான் நடந்தது. மைக் அணைந்திருப்பதைக் காட்டும் சிவப்புக் கோடு இல்லை, அனுமதியும் சரி, ஆனால் புள்ளிகள் அசையவே இல்லை. காரணம், பைக்குள் அணைக்காமல் கிடந்த புளூடூத் இயர்போன்! லேப்டாப் அதன் மைக்கை எடுத்துக்கொண்டு, இவள் பேசுவதை விட்டுவிட்டுப் பைக்குள் இருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி மெனுவில் Settings, அப்புறம் Audio. அங்கே Microphone என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. பிறர் பேசுவது உங்களுக்குக் கேட்காவிட்டால், அதே பக்கத்தில் Speakers பட்டியலைப் பாருங்கள்.

பட்டியலில் மைக்கே இல்லையா? முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, Microphone, Camera இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

கேமரா கறுப்பாக இருந்தால் முதலில் லென்ஸ் மேல் நகர்த்து மூடி இருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், நானே இதில் பத்து நிமிடம் தொலைத்திருக்கிறேன்). அடுத்து, கேமராவைப் பிடித்து வைத்திருக்கும் வேறு செயலிகளை மூடுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு கிளாஸ்ரூமில் Classwork பகுதிக்குப் போய், அந்த வீட்டுப்பாடத்தைத் திறந்து, Add or create மூலம் கோப்பைச் சேருங்கள். கோப்பு திரையில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அது இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. Turn in அழுத்தி, வரும் கேள்விக்கும் ஒப்புதல் கொடுத்து, Assigned என்பது Turned in என்று மாறியதைப் பார்த்துவிட்டு மூடுங்கள். தவறான கோப்பு போய்விட்டால் Unsubmit அழுத்தித் திரும்பப் பெறலாம். ஆனால் கெடு முடிந்த பிறகு அப்படி எடுத்து மீண்டும் அனுப்பினால், முன்பு நேரத்தில் அனுப்பியிருந்தாலும் தாமதம் என்றே பதிவாகும்.