என்.எம்.டி.ஏ. வாங்கி: படத்தில் தவறிப்போகும் மக்னீசியம்

பரீட்சை நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு மருத்துவ மாணவர்கள் வந்து உட்காருவார்கள். போன மாதம் ஒரு பிள்ளை கொப்பியில் படம் கீறிக் காட்டினாள். நரம்புக்கலத்தின் மென்சவ்வில், செய்தியைப் பெறும் புரதமான என்.எம்.டி.ஏ. வாங்கியின் துளை, அதன் மேல் மூடிபோல ஒரு மக்னீசியம். பக்கத்தில், ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி சொல்ல விடும் குளுட்டமேற்று வந்து அந்த மூடியைத் தட்டிவிடுவதாக ஓர் அம்புக்குறி.

"சேர், குளுட்டமேற்று வந்து ஒட்டினாத்தானே மக்னீசியம் கழரும்?"

இல்லை. ஆண்டுதோறும் நான் காணும் தவறு இதுதான். இந்த ஓர் அம்புக்குறி பிழைத்தால், இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் நரம்பிணைப்பு வலுப்பெற்று நீடிக்கும் எல்.ரி.பி. எனப்படும் நீண்டகால வலுவூட்டல் ஏன் கற்றலோடு பொருந்துகிறது என்பதே விளங்காமற் போய்விடும்.

நடப்பது இதுதான். ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிரேற்றமாக இருக்கிறது. குளுட்டமேற்று என்.எம்.டி.ஏ. வாங்கியில் ஒட்டுகிறது, கூடவே கிளைசீனோ டி-செரீனோ இருக்கவேண்டும். வாங்கியின் வாசல் திறக்கவும் செய்கிறது. ஆனால் வெளியே கலப்புறப் பாய்மத்தில் இருக்கும் மக்னீசியம் அயனுக்கு இரண்டு நேரேற்றம். உள்ளே இருக்கும் எதிரேற்றம் அதைத் திறந்த துளைக்குள் இழுக்கிறது. அது பாதி வழியில் சிக்கி, வழியை அடைத்துக்கொள்கிறது. ஆக, வாசல் திறந்திருக்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. அடைப்பை இறுக்கிப் பிடித்திருப்பது கலத்தின் உள் மின்னழுத்தமே. அந்த எதிரேற்றம் 70இலிருந்து 40, 30 என்று குறையக் குறைய, அதாவது உள் மின்னழுத்தம் உயர உயர, இழுவை தளர்ந்து, மக்னீசியம் வந்த வழியே வெளியே போய்விடும். அதன் பிறகுதான் கல்சியம் உள்ளே வரும்.

1984இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. கலத்தைக் குளிப்பாட்டும் திரவத்திலிருந்து மக்னீசியத்தை எடுத்துவிட்டால், ஓய்வு மின்னழுத்தத்திலேயே குளுட்டமேற்றுக்கு இந்த வாங்கி வழியாக மின்னோட்டம் தாராளமாகப் பாய்ந்தது. மக்னீசியத்தைத் திரும்பச் சேர்த்தால் நின்றது. இரண்டு வேளையும் குளுட்டமேற்று இருந்தது. அப்படியென்றால் மக்னீசியத்தைத் தள்ளுவது அதன் வேலையாக எப்படி இருக்கும்?

அப்போ உள் மின்னழுத்தத்தை உயர்த்துவது யார்? பக்கத்திலேயே இருக்கும் ஆம்பா வாங்கிகள். குளுட்டமேற்று அவற்றிலும் ஒட்டி, சோடியத்தை உள்ளே விடுகிறது. ஒரேயொரு மின்துடிப்பு வந்தால் சிறிய உயர்வு, உடனே அடங்கிவிடும். ஒரு செக்கனில் 100 துடிப்பு வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடைப்புக் கழரும் அளவுக்கு மின்னழுத்தம் உயரும்.

இதைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிப் பிரித்துக் காட்டுவேன். மூளையில் ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகம்பசின் சி.ஏ.1 பகுதியில் ஒரே கலத்துக்கு இரண்டு நரம்பிழைக் கட்டுகள் வருகின்றன என்று வையுங்கள். ஒன்றில் இழைகள் அதிகம், மற்றதில் கொஞ்சம். மெலிந்த கட்டை மட்டும் வேகமாகத் தூண்டினால் குளுட்டமேற்று வருகிறது, ஆனாலும் வலு கூடுவதில்லை. தடித்த கட்டையும் அதே நேரத்தில் தூண்டினால் மெலிந்ததும் வலுவடைகிறது. மெலிந்த கட்டின் நரம்பிணைப்புக்கு வந்த குளுட்டமேற்று இரண்டு வேளையும் ஒன்றுதான். மாறியது, தடித்த கட்டுக் கலத்துக்குள் ஏற்றிவிட்ட மின்னழுத்தம். இரண்டு செய்திகள் ஒரே கணத்தில் சேர்ந்து வந்தனவா என்பதை இந்த ஒரு மூலக்கூறு கண்டுகொள்கிறது. குளுட்டமேற்றே மக்னீசியத்தையும் கழற்றுமானால் சேர்ந்து வருவதற்குத் தேவையே இராது. எது வந்தாலும் வலுவாகும்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுணுக்கமானது. "எல்.ரி.பி. என்றால் என்.எம்.டி.ஏ. வாங்கி கூடுவது" என்று எழுதுவார்கள். தொடக்கிவைப்பது ஒன்று, வைத்திருப்பது வேறொன்று. ஒரு பரிசோதனையைப் படிப்படியாகப் பார்த்தால் பிடிபடும்.

எலியின் ஹிப்போகம்பசிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து, ஒட்சிசன் ஏற்றிய உப்புத் திரவத்தில் உயிரோடு வைத்திருக்கிறோம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைத் துடிப்பு. சி.ஏ.1இல் வரும் துலங்கலை 100 என்று வைப்போம். என்.எம்.டி.ஏ. வாங்கியை மறிக்கும் ஏ.பி.வி. என்ற மருந்தைத் திரவத்தில் விடுகிறோம். துலங்கல் 100இலேயே நிற்கிறது. சாதாரண செய்திப் பரிமாற்றத்தில் இந்த வாங்கிக்குப் பெரிய பங்கில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. மருந்து இருக்கும்போதே ஒரு செக்கனுக்கு 100 துடிப்புக் கொடுக்கிறோம். சிறிது நேரத்தில் திரும்பவும் 100. மருந்தைக் கழுவிவிட்டு மீண்டும் அதே 100 துடிப்பு. இப்போது 150க்கு ஏறி, ஒரு மணித்தியாலம் கழித்தும் இறங்காமல் நிற்கிறது. (100, 150 என்பவை கணக்குக்கு நான் எடுத்தவை.) இனித்தான் முக்கியமான படி: ஏ.பி.வி.யைத் திரும்ப விடுகிறோம். 150 இறங்குமா?

இறங்காது. விறாந்தையில் பாதிப்பேர் "இறங்கும்" என்றுதான் சொல்வார்கள். கொலிங்ரிட்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983இல் காட்டியதன் சாரம், இந்த மருந்து வலுவூட்டல் தொடங்குவதைத் தடுக்கும், சாதாரண பரிமாற்றத்தைத் தொடாது என்பதே. உள்ளே வந்த கல்சியம் காம்கைனேஸ் 2 என்ற நொதியத்தை ஏவிவிடுகிறது. அதன் விளைவாக அந்த நரம்பிணைப்பில் ஆம்பா வாங்கிகள் கூடுகின்றன, இருப்பவையும் கூடுதலாக மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. கூடிய துலங்கலைச் சுமப்பவை அவைதான். தொடக்கம், நிலைப்பு என்று இரண்டு தலைப்புப் போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

"என்.எம்.டி.ஏ. திறந்தால் வலு கூடும்" என்று மொட்டையாக எழுதுவதும் சரியல்ல. ஒரு செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் 900 துடிப்பு, அதாவது 15 நிமிடம் மெதுவாகத் தூண்டினால் அதே நரம்பிணைப்பு மெலிந்துபோகும். அதுவும் எல்.ரி.டி. என்ற பெயரில் என்.எம்.டி.ஏ. வழியாகவே நடக்கிறது. கல்சியம் கொஞ்சமாக, நீளமாக வந்தால் மெலிவு. ஒரேயடியாக நிறைய வந்தால் வலுவூட்டல். இன்னொன்று, ஹிப்போகம்பஸ் முழுவதுக்கும் ஒரே விதியை எழுதாதீர்கள். அதன் சி.ஏ.3 பகுதிக்கு வரும் பாசியிழைகளில் வலுவூட்டல் என்.எம்.டி.ஏ. இல்லாமலே நடக்கிறது.

கடைசியாக, எல்.ரி.பி.யையும் ஞாபகத்தையும் சமன்குறி போட்டு எழுதும் பழக்கம். பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் 1973இல் விவரித்த வலுவூட்டல், மயக்கமருந்து கொடுத்த முயல்களின் ஹிப்போகம்பசில் மின்முனையால் உண்டாக்கிய மாற்றம். அந்த முயல்கள் எதையும் கற்கவில்லை. கற்றலோடு தொடர்பு தேடிய பரிசோதனைகளில் மொரிஸ் குழுவினர் 1986இல் செய்தது பெயர்பெற்றது. கலங்கலான நீர்த்தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் அமிழ்ந்திருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். மூளைக்குள் ஏ.பி.வி. செலுத்திய எலிகளுக்கு மேடையின் இடம் மனதில் பதியவில்லை. கண்ணால் பார்த்து வேறுபாடு பிரிக்கும் பாடத்தை மட்டும் அவை கற்றன. இதோடு நிறுத்திவிடுவார்கள். 1995இல் வந்த முடிவையும் சேர்த்து எழுதுங்கள்: வேறோர் இடத்தில் இதே வகைத் தொட்டியில் முன்னரே பழகியிருந்த எலிகள், மருந்து உள்ளே இருந்தபோதும் புதிய இடத்தில் மேடையைக் கற்றுக்கொண்டன. மருந்து தடுத்தது இடத்தையா, இப்படி ஒரு தொட்டியில் எப்படித் தேடுவது என்ற பழக்கத்தையா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது.

அந்தப் பிள்ளை படத்தைத் திருத்திக்கொண்டு வந்தாள். குளுட்டமேற்றின் அம்புக்குறி வாசலில் நின்றது. மக்னீசியத்துக்கான அம்புக்குறி கலத்தின் உட்புறத்திலிருந்து புறப்பட்டது. பக்கத்தில் ‘−70’ என்று எழுதி வெட்டி, ‘−30’ என்று போட்டிருந்தாள்.