தேர் வருது, தேங்காய் உடை: கேப்ஷனில் எதுகை மோனை சறுக்கும் இடங்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில் ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும்போது, தெருவோரம் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களைப் படம் எடுக்காதவர்கள் குறைவு. படம் அருமையாக வந்துவிடும். அதற்குக் கீழே போடும் வரிதான் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“பினாங்கு தைப்பூசத் திருநாளில் ரதத்தின் முன்னே பக்தர்கள் தேங்காய் உடைக்கும் காட்சி.”

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த படத்துக்குப் போனதும் மறந்துவிடும். அதே படத்துக்கு இன்னொரு வரி:

“தேர் வருது, தேங்காய் உடை.”

சொற்கள் நான்குதான். முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் ‘தே’யில் தொடங்குகின்றன. நான்கு சீர் உள்ள அடியில் ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் இப்படிச் சேர்ந்தால் அது பொழிப்பு மோனை. வரியை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒரே ஒலியில் தொடங்கும். முதல் பாதியைச் சொன்னவுடன் அடுத்த பாதியின் தலை நாக்கில் வந்து நிற்கிறது, மீதியை வாய் தானே முடித்துவிடுகிறது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ இத்தனை தலைமுறை தாண்டி வந்தது இப்படித்தான். அங்கே மோனைக்குப் பதில் எதுகை: ஆடி, தேடி.

இங்கே நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஒலியை வரியின் கடைசியில் தேடுவது. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் பந்துன் படித்த காது அப்படித்தான் பழகியிருக்கும். பந்துனில் ஒலி ஒத்துப்போவது அடியின் ஈற்றில்தான்: முதல் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும். அந்தப் பழக்கத்தில், “தேங்காய் உடைந்து சிதறும், பக்தி மனதில் பெருகும்” என்று எழுதிவிட்டு எதுகை வந்துவிட்டது என்பார்கள். அது எதுகை இல்லை, இயைபு. இயைபு தப்பில்லை, ஆனால் தமிழில் அது ரொம்ப மலிவு. வினைமுற்றை எல்லாம் ‘உம்’ என்று முடித்தால் எந்த இரண்டு வாக்கியமும் இயைந்துவிடும். சிதறும், பெருகும், மணக்கும், இனிக்கும் என்று எதை வைத்தாலும் பொருந்துகிறது என்றால், எது இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? நினைவுக்கு வேண்டியது அடுத்த பாதி எப்படித் தொடங்கும் என்ற குறிப்பு. அது கடைசியில் வந்து பயனில்லை.

சரி, தலையில்தான் ஒலி வேண்டும் என்று புரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மெய்யெழுத்தை மட்டும் பார்த்து மோனை என்று நினைப்பது. ‘பினாங்கு’, ‘பசி’ இரண்டிலும் ‘ப்’ இருக்கிறது, அதனால் மோனை என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ் மோனைக்கு மெய்யோடு சேரும் உயிரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. ‘பி’க்கு உறவு பீ, பெ, பே. ‘ப’ அதில் சேராது. “பினாங்கில் இறங்கினால் பெரும்பசி எடுக்கும்” என்று மாற்றிப் பாருங்கள். பி, பெ என்று நாக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைச் சொல்லும்போதே உணரலாம். இதே கணக்கில் ‘தேர்’ என்ற சொல்லுக்குத் தேங்காய், தெரு, திருநாள் எல்லாம் சேரும். தோரணமும் தாகமும் சேராது. ‘தாகம்’ வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் இருக்கிறது: “தாகம் என்றால் தண்ணீர்ப் பந்தல்.” மோர் கொடுக்கும் பந்தலுக்கு இதைவிட நல்ல வரி தேட வேண்டாம்.

இலக்கணத்தில் சலுகையும் உண்டு. ச–த, ஞ–ந, ம–வ இவை ஒன்றுக்கொன்று மோனையாக வரலாம். “தேர் நகருது, சிதறுது தேங்காய்” என்பதில் தே, சி மோனைதான். ஆனால் வேகமாகப் படித்துக்கொண்டே போகிறவர் காதில் அது மெலிதாகத்தான் விழும். செய்யுளுக்குச் சரி, கேப்ஷனுக்கு நேரான மோனையே மேல் என்பது என் கட்சி.

எதுகைக்கு வருவோம். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்று எல்லாரும் படித்திருக்கிறோம். மறந்துபோவது முதல் எழுத்தின் அளவு. முதல் எழுத்து ஓரிடத்தில் குறில் என்றால் மற்ற இடத்திலும் குறில், நெடில் என்றால் நெடில். “தேங்காய் உடையுது, பொங்குது பக்தி” என்ற வரியைப் பாருங்கள். தேங், பொங் இரண்டிலும் ‘ங்’ இருக்கிறது. ஆனால் தே நெடில், பொ குறில். வாய்விட்டுச் சொன்னால் முதல் பாதி நீண்டு, இரண்டாம் பாதி தடுக்கி விழும். நெடிலில் தொடங்கி ‘ங்’ வரும் சொல் வேண்டும். தாங்கி, வாங்கி, ஏங்கி, ஓங்கி. கிடைத்துவிட்டது:

“தேங்காய் எடு, ஓங்கி உடை.”

குறிலுக்குக் குறில் வேண்டுமென்றால் “வெள்ளி ரதம் வருது, தள்ளி நின்னு பாரு.” கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது போலவே இருக்கிறது. இரண்டாம் எழுத்தில் உயிர் கொஞ்சம் மாறினாலும் குற்றமில்லை. திருக்குறள் முதல் அதிகாரத்திலேயே ‘கோளில்’ என்று தொடங்கும் குறளின் அடுத்த அடி ‘தாளை’ என்று தொடங்குகிறது. ளி, ளை வேறு வேறு. ‘ள்’ ஒன்று, முன்னே இரண்டும் நெடில், அவ்வளவுதான்.

மலேசிய ஊர்ப்பெயர்களில் இன்னொரு சிக்கல். “பட்டர்வொர்த்தில் படகு ஏறு” என்பது எழுத்தில் பளிச்சென்ற மோனை. சொல்லிப் பாருங்கள்: பட்டர்வொர்த்தின் ‘ப’ தொண்டை அதிர்ந்து வருகிறது, படகின் ‘ப’ அப்படி இல்லை. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் கண் ஏமாறுகிறது. கேப்ஷனை மனதுக்குள் படிப்பவரும் ஒலித்துத்தான் படிக்கிறார், அதனால் இங்கே காதின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆசை மிஞ்சிப்போய் எல்லாச் சொல்லிலும் மோனை திணிப்பது. “தேரோடும் திருவீதியில் தெவிட்டாத தேங்காய்த் தெறிப்பு.” ஐந்துக்கு ஐந்தும் மோனை. தேங்காய்த் தெறிப்பு ஏன் தெவிட்ட வேண்டும் என்று எழுதியவரைக் கேட்டால் பதில் இருக்காது. ஒலிக்காக மட்டும் உள்ளே வந்த சொல்லைக் கண்டுபிடிப்பது எளிது. அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அது வேண்டாதது.

கடைசியாக அச்சுக் கடை விஷயம். எதுகை வேலை செய்வது அடியின் தலையில். பேனரில் இடம் போதவில்லை என்று வரியை இஷ்டத்துக்கு உடைத்தால், ‘தேங்காய்’ ஒரு வரியிலும், ‘எடு, ஓங்கி’ அடுத்த வரியிலும், ‘உடை’ தனியாகக் கீழேயும் போய்விடும். ‘ஓங்கி’ நடுவில் ஒளிந்துகொள்ளும், எதுகை யார் கண்ணிலும் படாது. கடைக்காரரிடம் வாயால் சொல்லாமல் தாளில் இரண்டு வரியாக எழுதிக் கொடுங்கள், எழுத்தைச் சிறிதாக்கினாலும் வரியை மாற்றக் கூடாது என்றும் சொல்லுங்கள். போனில் போடுவதாக இருந்தால் ‘எடு’ முடிந்ததும் நீங்களே வரியை உடைத்து, ‘ஓங்கி’யை அடுத்த வரியின் தொடக்கத்தில் வையுங்கள்.